பார்சல் எங்கே, ஏன், என்றைக்கு? – ஒரு தாமதச் செய்தியைத் திருத்தி எழுதிய கதை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



கேட்டில் பார்சல் வாங்கி வைப்பது பற்றிச் செயலாளர் பேசி முடித்துவிட்டார். எனக்குக் கொடுத்த பொருள் சின்னது. பார்சல் தாமதமானால் நம் அலைபேசிக்கு ஒரு செய்தி வருகிறதே, அது எப்படி இருக்க வேண்டும் என்பது. "இதில் பேச என்ன இருக்கிறது சார்?" என்று வரும்போதே ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2023 டிசம்பரில் நம் குடியிருப்பில் ஓர் அம்மாவுக்கு வந்த செய்தியை முதலில் வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வாசகம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

"அன்பான வாடிக்கையாளரே, எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, எதிர்பாராத, தவிர்க்க முடியாத காரணங்களால் உங்கள் பார்சல் வருவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. உங்களுக்குச் சிறந்த சேவை அளிக்க எங்கள் குழு அயராது பாடுபடுகிறது. விரைவில் பார்சல் வந்து சேரும். சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பொறுமைக்கு நன்றி."

அந்தப் பார்சலில் இருந்தது ரத்த அழுத்த மாத்திரை. சென்னையில் இருக்கும் மகள் மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பியிருந்தார். அம்மாவிடம் கையில் நான்கு நாளைக்கு மாத்திரை மிச்சம் இருந்தது. செய்தியில் "விரைவில்" என்று இருந்ததால் இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துக்கொண்டு, இருந்ததை ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். அது செய்யக்கூடாத காரியம் என்று பின்னால் டாக்டர் கடிந்துகொண்டார். சனிக்கிழமைதான் வரும் என்று அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை இருந்திருந்தால், யாரையாவது தென்காசிக்கு அனுப்பி ஓர் அட்டை வாங்கியிருப்பார். மெடிக்கல் ஷாப்புக்கா நம் ஊரில் பஞ்சம்?

செய்தி எதற்கு என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். அதை வாசிக்கிறவர் அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பதா, வேறு இடத்தில் வாங்குவதா, ஊருக்குப் போகலாமா, பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பதா என்று. நான் வாசித்த செய்தியில் ஆறு விஷயம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றை வைத்தும் அந்த அம்மாவால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. "கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட" என்றால் எங்கள் மேல் தப்பில்லை என்று அர்த்தம். "அயராது பாடுபடுகிறது" என்றால் எங்களைத் திட்டாதீர்கள் என்று அர்த்தம். "பொறுமைக்கு நன்றி" என்பது நாம் இன்னும் கொடுக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே ரசீது போடுவது. முழுக்க முழுக்க அவர்களைப் பற்றிய செய்தி. பார்சலைப் பற்றி "தாமதம் ஏற்பட்டுள்ளது" என்ற ஒன்றுதான் இருக்கிறது. அது நமக்கே தெரியும்.

ரயில்வேயை நாம் எவ்வளவோ குறை சொல்கிறோம். ஆனால் தென்காசி ஸ்டேஷனில் நின்றால், இன்ன எண் உள்ள இன்ன வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வரும் என்று அறிவிப்பு வருகிறது. காரணம் சொல்வதில்லை என்றாலும் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். டீ குடிக்கப் போகலாமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்துகொள்ளலாம்.

நான் வேலை பார்த்த துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். காசோலை பணமாகாமல் திரும்பினால் அதோடு ஒரு மெமோ வரும். அதில் காரணத்துக்கு எண் உண்டு. 01 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. கையெழுத்து மாறியிருந்தால் அதற்கு ஓர் எண், தேதி முந்தியிருந்தால் அதற்கு ஓர் எண். பட்டியலில் எதிலும் அடங்காததற்கு 88 என்று ஓர் எண் இருக்கிறது, "இதர காரணங்கள்" என்று. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே "குறிப்பிடவும்" என்றும் இருக்கிறது. இதர காரணம் என்றாலும் அது என்ன என்று எழுதித்தான் ஆக வேண்டும். கவுன்டருக்கு வருகிறவரிடம் "தவிர்க்க முடியாத காரணத்தால் உங்கள் செக் திரும்பியிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த டிசம்பருக்கு வருவோம். காரணம் எது, சாக்கு எது என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் கிடைக்காது.

2023 டிசம்பர் 17, 18. ஞாயிறும் திங்களும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டத்திலும் கொட்டித் தீர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. இந்த நிலைமையில் ஒரு கூரியர் வண்டி கிளம்பவில்லை என்றால் அதற்காக யாரும் கோபப்பட மாட்டோம். ஆகவே 18-ஆம் தேதி "வெள்ளம்" என்பது உண்மையான காரணம்.

நம் அம்மாவின் பார்சல் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சென்னையில் பதிவாகி, ஞாயிறு காலையில் திருநெல்வேலி கிடங்குக்கு வந்துவிட்டது. திங்கள் விடியற்காலை தென்காசி வண்டியில் ஏறியிருக்க வேண்டும். திங்களும் செவ்வாயும் வண்டி கிளம்பவில்லை. புதன்கிழமை, 20-ஆம் தேதி, கிளம்பியது. இதெல்லாம் கிளையில் நாங்கள் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. முதல் செய்தி 19-ஆம் தேதி வந்தது. 21-ஆம் தேதி வியாழக்கிழமை மறுபடியும் அதே செய்தி, எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். பார்சல் கைக்கு வந்தது 23-ஆம் தேதி சனிக்கிழமை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 19-ஆம் தேதி பார்சல் நின்றதற்குக் காரணம் வெள்ளம். 21-ஆம் தேதி நின்றதற்குக் காரணம் வெள்ளமா? இல்லை. வண்டி முந்தைய நாளே ஓட ஆரம்பித்துவிட்டது. 21-ஆம் தேதிக் காரணம், கிடங்கில் பார்சல் மலைபோலத் தேங்கிக் கிடந்ததும், இருந்த ஒரு வண்டியில் அவ்வளவும் ஏறாததும். காரணம் மாறிவிட்டது, செய்தி மாறவில்லை. உண்மையான காரணமே இரண்டு நாளில் சாக்காக மாறுவது இப்படித்தான். காரணம் என்றால், அந்தப் பார்சல் இந்த நிமிடம் ஏன் நகரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். போன வாரம் ஏன் நகரவில்லை என்பது வரலாறு.

இன்னொன்று, "எதிர்பாராத" என்ற சொல். அந்த டிசம்பர் மழைக்கு அதைச் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூலை மாதத்திலும் நமக்கு இதே வாசகம் வருகிறது. கிளையில் விசாரித்தால், "சீசன் சார், ரோட்டில் நகர முடியவில்லை" என்கிறார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும் என்பது எதிர்பாராததா? மெயின் ஃபால்ஸில் குளிக்கத் தடை போட்டால் அத்தனை வண்டியும் ஐந்தருவிப் பக்கமும் பழைய குற்றாலத்துப் பக்கமும் திரும்பும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்றால் தேதியிலேயே ஒரு நாள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சீசனில் சனி, ஞாயிறு குற்றாலத்துக்குள் டெலிவரி இல்லை, திங்கட்கிழமைதான் என்று முதலிலேயே சொன்னால் நாம் யாரும் சண்டைக்குப் போக மாட்டோம்.

சரி, புதிய தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? "அது எங்களுக்கே தெரியாதே" என்பதுதான் கிளைக்காரர்கள் சொல்லும் பதில். முழுக்கத் தெரியாது என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட முடியும். காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் தேதி அதிலிருந்தே வந்துவிடும். போட்டுக் காட்டுகிறேன். அளவுகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

தென்காசிக்கு ஒரு நாளில் வரும் சரக்கை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். வண்டியை முட்ட முட்ட ஏற்றினால் ஒன்றரைப் பங்கு ஏறும். 20-ஆம் தேதி காலையில் கிடங்கில் எவ்வளவு இருக்கும்? திங்கள் சரக்கு ஒன்று, செவ்வாய் சரக்கு ஒன்று, புதன் சரக்கு ஒன்று, ஆக மூன்று. ஒன்றரை போனால் மீதி ஒன்றரை. வியாழன் ஒன்று சேரும், ஒன்றரை போகும், மீதி ஒன்று. வெள்ளி ஒன்று சேரும், ஒன்றரை போகும், மீதி அரை. சனிக்கிழமை ஒன்று சேர்ந்து ஒன்றரை ஆகும், அவ்வளவும் ஏறிவிடும், கிடங்கு காலி. அதாவது ஒரு பார்சல் எவ்வளவு அடியில் கிடந்தாலும் 23-ஆம் தேதி விடியற்காலை வண்டியில் ஏறியே தீரும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். காலையில் கிளைக்கு வந்து பிரித்தால் மாலைக்குள் குற்றாலம் ரோட்டுக்கு வந்துவிடும். புதன்கிழமை அன்றே "23, சனிக்கிழமை" என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடக் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் வந்தது முதலில் போனால், திங்கட்கிழமை ஏற வேண்டிய நம் அம்மாவின் பார்சல் புதன்கிழமையே ஏறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்களுக்கு ஃபிஃபோ, லிஃபோ என்றால் தெரியும். கிடங்கில் ஒழுங்கில்லாத நாளில் நடப்பது லிஃபோ. பழைய மூட்டை சுவரோரம் அடியில் கிடக்கும். புதிதாக வந்தது வாசலருகே இருக்கும். அவசரத்தில் வாசலருகே இருப்பதைத் தூக்கி வண்டியில் போடுவார்கள். "எனக்குப் பிறகு அனுப்பியது வந்துவிட்டது, எனக்கு வரவில்லை" என்று நீங்கள் எப்போதாவது சொல்லியிருந்தால் அங்கே இதுதான் நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். ஆகவே தேதி சொல்கிறவர் நல்லபடியாக நடந்தால் என்றைக்கு என்று கணக்குப் போடக் கூடாது. அடியில் கிடந்தாலும் என்றைக்கு என்று போட வேண்டும். 23 என்று சொல்லி 21-ஆம் தேதி வந்து நின்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். 21 என்று சொல்லி 23 ஆனால் இன்னொரு தாமதச் செய்தி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி சொல்லும் எந்தத் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி செய்தியை எழுதுவோம். இரண்டு செய்தி தேவைப்படுகிறது. 19-ஆம் தேதி வண்டி எப்போது கிளம்பும் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. அப்போது பார்சல் வரும் தேதியைச் சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்கும் சொல்லக்கூடிய ஒரு தேதி உண்டு. அடுத்து எப்போது சொல்வோம் என்ற தேதி.

"உங்கள் பார்சல் திருநெல்வேலி கிடங்கில் நனையாமல் உள்ளது. வெள்ளத்தால் தென்காசி வண்டி நேற்றும் இன்றும் கிளம்பவில்லை. என்று கிளம்பும் என்று இப்போது தெரியவில்லை. நாளை 20, மாலை 5 மணிக்குள் தேதி சொல்கிறோம்."

"நனையாமல் உள்ளது" என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். வெள்ள நேரத்தில் வாங்குகிறவர் மனதில் முதலில் வரும் கேள்வி அதுதான். ஆனால் ஆள் போய்ப் பார்த்திருந்தால் மட்டும் அதை எழுத வேண்டும். இந்தச் செய்தியைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும், நான்கு நாள் மாத்திரையை நம்பி இருக்க முடியாது என்று. தேதியே இல்லாத செய்திகூட இவ்வளவு வேலை செய்யும்.

20-ஆம் தேதி மாலை அனுப்ப வேண்டியது இது:

"உங்கள் பார்சல் 17-ஆம் தேதி முதல் திருநெல்வேலி கிடங்கில் உள்ளது. வெள்ளத்தால் தென்காசி வண்டி இரண்டு நாள் கிளம்பவில்லை. தேங்கிய பார்சல்கள் வரிசையாக வருகின்றன. உங்களுடையது 23, சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் வீட்டுக்கு வரும். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

கீழே தென்காசி கிளையின் தொலைபேசி எண். அவ்வளவுதான்.

இதில் சில இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். "தாமதம் ஏற்பட்டுள்ளது" என்று எழுதவில்லை. தாமதம் தானாக ஏற்படுவதில்லை. வண்டி கிளம்பவில்லை என்று எழுதினால் எது நின்றது என்று தெரிகிறது, அது ஓடினால் வந்துவிடும் என்றும் தெரிகிறது. தேதியோடு கிழமையும் இருக்கிறது. 23 என்று மட்டும் போட்டால் நம்மில் பலர் காலண்டரைத் தேட வேண்டியிருக்கும். "மாலை 6 மணிக்குள் வீட்டுக்கு" என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. வெறுமனே "23-ஆம் தேதி வரும்" என்றால் கிளைக்கு வருமா, கைக்கு வருமா என்று ஒரு சண்டை வரும். அதை நாம் பார்த்திருக்கிறோம்.

"வருந்துகிறோம்" என்பதை எடுத்துவிடலாம், அதுவும் ஒரு சடங்கு என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. ஒருவரைக் காக்க வைத்தால் மன்னிப்புக் கேட்பது நம் ஊர் வழக்கம். ஒரே ஒரு முறை, கடைசியில் இருக்கட்டும். காரணத்துக்கும் தேதிக்கும் பதிலாக அது வரக்கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளம் வந்தால் உண்மையைச் சொல்வது சுலபம், தப்பு வானத்தின் மேல் இருக்கிறது. தப்பு கம்பெனியின் மேல் இருக்கும்போதுதான் சாக்கு நிறைய வரும். நம் ரோட்டுக்கு அடிக்கடி நடப்பது ஒன்று. தென்காசி 627811, குற்றாலம் 627802. நம் கட்டடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒருவர் தென்காசி என்று எழுதுகிறார், ஒருவர் குற்றாலம் என்று எழுதுகிறார். குற்றாலத்துக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். பின்கோடு சரியாக இருந்தும் பிரிக்கிறவர் பெயரைப் பார்த்து வேறு பையில் போட்டுவிட்டால், பார்சல் செங்கோட்டைக்கோ வேறு எங்கோ போய்த் திரும்ப வேண்டும். அப்போது "செயல்பாட்டுக் காரணங்களால்" என்று செய்தி வரும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு இந்த வயதிலும் விளங்கவில்லை. எழுத வேண்டியது இதுதான்:

"உங்கள் பார்சலை நாங்கள் தவறாகச் செங்கோட்டைப் பையில் சேர்த்துவிட்டோம். இன்று இரவு தென்காசிக்குத் திரும்பும். நாளை வியாழன், பிற்பகல் 2 மணிக்குள் வீட்டுக்கு வரும். தவறுக்கு வருந்துகிறோம்."

"சேர்த்துவிட்டோம்" என்பதைச் "சேர்க்கப்பட்டுவிட்டது" என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றக் கூடாது. யார் சேர்த்தது என்று கேட்டு ஒரு போன் வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிடச் செய்தியிலேயே சொல்லிவிடலாம். கிளைப் பொறுப்பாளர் சிரிக்கிறார். அவருக்கு அந்த போன்கள் எத்தனை வருகின்றன என்று தெரியும்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்தியைத் தென்காசி கிளையில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. நம் நாட்டில் கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். டிராய் அமைப்பு 2018-ல் கொண்டுவந்த விதிமுறை அது. தொல்லைச் செய்திகளைத் தடுக்க வந்தது, நல்ல விதிதான். பதிவான வாசகத்தில் ஆங்காங்கே காலி இடம் விடலாம், அனுப்பும்போது நிரப்பலாம், மற்ற எழுத்தை மாற்ற முடியாது. எனவே தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர், வெள்ளத்துக்கும் பொருந்த வேண்டும், வேலைநிறுத்தத்துக்கும் பொருந்த வேண்டும், பஞ்சருக்கும் பொருந்த வேண்டும் என்று ஒரே வாசகத்தைப் பதிவு செய்துவைத்துவிடுகிறார். எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் எதையும் சொல்வதில்லை.

இதற்கு மருந்து அதே விதியில் இருக்கிறது. காலி இடங்களைச் சரியான இடத்தில் விட்டுப் பதிவு செய்தால் போதும். இப்படி:

```
உங்கள் பார்சல் ______ கிளையில் உள்ளது.
காரணம்: ______. வீட்டுக்கு வரும் நாள்: ______.
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
```

முதல் இடத்தில் ஊர், இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் தேதியும் கிழமையும். ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்து வரம்பு இருப்பதால் காரணத்தைச் சுருக்கமாகத்தான் எழுத முடியும். அதுவும் நல்லதுதான். "வண்டி 2 நாள் ஓடவில்லை" என்பதற்கு இடம் இருக்கும், "எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட" என்று ஆரம்பித்தால் இடம் தீர்ந்துவிடும்.

தமிழில் ஏன் வருவதில்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் காசு இருக்கிறது. ஆங்கில எழுத்து என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 அடங்கும். தமிழ் என்றால் 70தான். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகக் கணக்கிட்டுத் துண்டுக்கு ஒரு கட்டணம். அதிலும் நாம் எண்ணுவது மாதிரி அலைபேசி எண்ணாது. "தென்காசி" நமக்கு நான்கு எழுத்து. அலைபேசிக் கணக்கில் கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி, ஆக எட்டு. நான் எழுதிக் காட்டிய 20-ஆம் தேதிச் செய்தி இந்தக் கணக்கில் ஏறக்குறைய நான்கு துண்டு. கம்பெனிக்காரர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் அந்த நான்கு துண்டுக்கு ஆகும் செலவையும், ஒன்றும் புரியாத ஒருவர் மூன்று முறை கிளைக்குப் போன் செய்து ஓர் ஆளின் வேலையைக் கெடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதுவும் முடியாது என்றால் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இடம், காரணம், நாள் மூன்றும் இருந்தால் நம் பிள்ளைகளோ வாட்ச்மேனோ படித்துச் சொல்லிவிடுவார்கள். தேதி இல்லாத செய்தியை எந்த மொழியில் அனுப்பி என்ன?

மோசடிச் செய்தி பற்றியும் ஒரு வார்த்தை, இதோடு சம்பந்தம் உள்ளதால். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் முகவரியைச் சரிசெய்யவும்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் பலருக்கு வந்தது. அது போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. அந்த இணைப்பைத் தொட்டால் சிறு தொகை கட்டச் சொல்லி, கார்டு விவரத்தைக் கேட்பார்கள். அந்தச் செய்தியை உற்றுப் பாருங்கள். எந்த ஊர்க் கிடங்கு என்று இருக்காது. என்றைக்கு வரும் என்று இருக்காது. அவனுக்கு அது தெரியாது, பார்சலே இல்லையே. உண்மையான கம்பெனிகள் மொட்டையாகச் செய்தி அனுப்பி நம்மைப் பழக்கிவிட்டதால்தான் மொட்டையான போலியையும் நாம் நம்புகிறோம். இடமும் காரணமும் நாளும் உள்ள செய்திக்குப் பழகிவிட்டால் மற்றது உடனே கண்ணில் உறுத்தும். உறுதிக்கு, அனுப்பியவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

கடைசியாக, நாம் செய்யக்கூடியது. "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்று அடுத்த முறை வந்தால் கிளைக்குப் போன் செய்து சத்தம் போட வேண்டாம். போன் எடுக்கிற பையன் அந்த வாசகத்தை எழுதவில்லை. மூன்றே கேள்வி கேளுங்கள். பார்சல் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? அங்கிருந்து ஏன் கிளம்பவில்லை? அடுத்த வண்டி என்றைக்கு? பதிவு எண்ணைச் சொன்னால் முதல் கேள்விக்கு அவர் கம்ப்யூட்டரிலேயே பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றால், எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்று கேட்டு அந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து என்றால் மருந்து என்று சொல்லுங்கள். கிடங்கில் அடியில் கிடப்பதைத் தேடி எடுக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும்.

இன்று வந்திருக்கும் இரண்டு பொறுப்பாளர்களிடமும் மூன்று மாதிரி வாசகங்களையும் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பதிவு செய்யக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை, தாமதமாகும் நாளில் நம் குடியிருப்புக்கான பார்சல் பட்டியலை இடம், காரணம், நாள் மூன்றும் எழுதி செயலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். செயலாளர் அதை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார், வீட்டு எண் மட்டும் போட்டு. பெயரும் பார்சலில் இருக்கும் பொருளும் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.